வைவா தேதி தள்ளிப்போச்சுன்னு கைடுகிட்ட இருந்து மெயில் வந்தா என்னென்ன பண்ணணும்

மார்ச் 10, ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு இந்த மெயில் வந்துச்சு. நாலு நாள்ல பிஎச்டி வைவா, ஸ்லைடு எல்லாம் ரெடி, வீட்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு.

"வணக்கம். 14ம் தேதி இருந்த உங்க வைவா தள்ளிப்போகுது. பேனல் மெம்பர் ஒருத்தரால அன்னைக்கு வர முடியல. புது தேதி டென்டடிவா 28. ஆபீஸ்ல பேசிட்டேன். ப்ரிப்பரேஷன விட்றாதீங்க."

அவ்ளோதான் மெயில். நான் என்ன பண்ணேன்னா, "ஓகே சார், தேங்க்யூ சார்"னு ஒரு வரி ரிப்ளை போட்டுட்டு, காலண்டர்ல 14அ அழிச்சு 28ன்னு மாத்திட்டு, ரெண்டு நாள் சோகமா இருந்துட்டு, அப்புறம் திரும்ப ஸ்லைடுல உக்காந்துட்டேன். அது எவ்ளோ பெரிய தப்புன்னு அடுத்த மூணு வாரத்துல தெரிஞ்சுது. வைவா 28ல நடக்கல, ஏப்ரல் 3ல தான் நடந்துச்சு, அதுக்கப்புறமும் பிராவிஷனல் சர்டிஃபிகேட் ஒரு ஃபைல் குழப்பத்துல மாட்டிக்கிச்சு. பாதிக்கு மேல நான் சரியான ஆளுகிட்ட சரியான நேரத்துல நாலு கேள்வி கேட்டிருந்தா தவிர்த்திருக்கலாம். அதான் இத எழுதறேன். இது தீசிஸ் சப்மிட் பண்ணி, ரிப்போர்ட் எல்லாம் வந்து, வைவா தேதியும் ஒரு தடவை ஃபிக்ஸ் ஆனவங்களுக்கு. யுனிவர்சிட்டிக்கு யுனிவர்சிட்டி பேப்பரோட பேரும் நாள் கணக்கும் மாறும், ஆனா ஃபைல் போற வழி கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

1. மெயில்ல என்ன இல்லன்னு பாருங்க

கைடு மெயில் எப்பவுமே சின்னதாதான் இருக்கும், அவங்களுக்கு அது இன்னொரு வேலை. அதனால என்ன எழுதியிருக்குங்கறத விட என்ன எழுதலங்கறது தான் முக்கியம். என் மெயிலயே எடுத்துக்கோங்க.

"பேனல் மெம்பர் ஒருத்தர்"னு இருக்கு. யாருன்னு இல்ல. வெளியில இருந்து வர்ற எக்ஸ்டர்னலா, டிபார்ட்மென்ட் ஹெட்டா, கமிட்டி மெம்பரா? இது தெரியாம அடுத்த ஸ்டெப்பே கிடையாது.

"டென்டடிவா 28"னு இருக்கு. அந்த எக்ஸ்டர்னல் 28க்கு சரின்னு சொல்லிட்டாரா, இல்ல கைடு அவரா ஒரு தேதி யோசிச்சு வச்சிருக்காரா? ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாரம் வித்தியாசம் வந்துடும்.

"ஆபீஸ்ல பேசிட்டேன்"னு இருக்கு. இந்த ஒரு வரிதான் என்ன கவுத்துச்சு. எந்த ஆபீஸ்? டிபார்ட்மென்ட் ஆபீஸா, கன்ட்ரோலர் ஆஃப் எக்ஸாமினேஷன்ஸ் செக்ஷனா? பேசினாரா, லெட்டர் குடுத்தாரா? ஆபீஸ்ல பேசினது எல்லாம் காத்தோட போச்சு, பேப்பர்ல இருக்கறது மட்டும்தான் ஃபைல்ல ஏறும்.

நாலாவது, நேர்லயா ஆன்லைனானு ஒரு வார்த்தை இல்ல. நான் நேர்லதான்னு நானா நெனச்சுக்கிட்டேன்.

இன்னொண்ணும் மனசுல வச்சுக்கோங்க, கைடு மெயில் ஒரு தகவல்தான், ஆர்டர் கிடையாது. வைவாவுக்கு தேதி குடுக்கறது, மாத்தறது எல்லாம் யுனிவர்சிட்டி ஆபீஸ்ல இருந்து எழுத்துல வரணும். அது வர்ற வரைக்கும் புது தேதின்னு ஒண்ணு இல்ல, பழைய தேதிதான் ஃபைல்ல உயிரோட இருக்கு.

2. வராதது யாருன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

இத கொஞ்சம் நிதானமா படிங்க, ஏன்னா எல்லா மெம்பரும் ஒண்ணு இல்ல.

இந்தியாவுல யுஜிசியோட 2022 பிஎச்டி ரெகுலேஷன்ஸ் படி தீசிஸ கைடும், யுனிவர்சிட்டில வேலை பாக்காத குறைஞ்சது ரெண்டு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்களும் மதிப்பீடு பண்ணணும். ஆனா வைவா போர்டுல கட்டாயம் இருக்க வேண்டியது கைடும், அந்த ரெண்டு எக்ஸ்டர்னல்ல குறைஞ்சது ஒருத்தரும். வைவாவ ஆன்லைன்ல நடத்தலாம்னும் அதுலயே இருக்கு. இந்த ரெண்டு வரிய நான் வைவா முடிஞ்சப்புறம்தான் படிச்சேன், முன்னாடியே படிச்சிருந்தா கைடுகிட்ட பேசின விதமே வேற மாதிரி இருந்திருக்கும். உங்க யுனிவர்சிட்டி இதுக்கு மேல சொந்தமா ரூல் வச்சிருக்கும், சில இடத்துல டிபார்ட்மென்ட் ஹெட் கட்டாயம் இருக்கணும், சில இடத்துல தனியா ஒரு சேர்மன் இருப்பார், அதனால உங்க பிஎச்டி ஆர்டினன்ஸ்ல வைவா போர்டு பத்தின பக்கத்த மட்டும் எடுத்துப் படிங்க, ஒரு பக்கம்தான் இருக்கும்.

இப்ப யாரு வரலங்கறதப் பொறுத்து மூணு விதமா போகும்.

வராதது எக்ஸ்டர்னல்னா வைவா கண்டிப்பா நடக்காது, தேதி மாறித்தான் ஆகணும், இல்லேன்னா வேற வழி பாக்கணும். வேற வழின்னா ரெண்டு இருக்கு. அவரே வேற ஊர்ல இருந்து ஆன்லைன்ல வர்றது, இல்ல தீசிஸ் ரிப்போர்ட் குடுத்த இன்னொரு எக்ஸ்டர்னல கூப்பிடறது. ரெண்டாவது வழில உங்க தீசிஸ ஏற்கனவே படிச்சு ரிப்போர்ட் குடுத்த ஆளுதான் வர்றார், புதுசா யாரையும் நியமிக்கறதில்ல, அதனால ஆபீஸ்லயும் கேள்வி கம்மி. ஆனா இத முடிவு பண்றது நீங்க இல்ல, உங்க கைடு கூட இல்ல, அவர் கேக்கலாம், கன்ட்ரோலர் சைடுல சரின்னு சொல்லணும்.

வராதது ஹெட்டோ சேர்மனோன்னா பெரும்பாலும் அவருக்கு பதிலா ஒருத்தர நாமினேட் பண்ண முடியும், அதுக்காக வைவாவையே ரெண்டு வாரம் தள்ளத் தேவையிருக்காது. இந்த இடத்துலதான் நெறைய பேர் தேவையில்லாம நாள் தொலைக்கறாங்க, ஏன்னா யாரும் கேக்கறதில்ல.

வராதது டாக்டரல் கமிட்டி மெம்பர்னா உங்க ஆர்டினன்ஸ்ல அவர் போர்டுல இருக்கணும்னு போட்டிருக்கா, இல்ல அழைக்கப்படறவரானு பாருங்க. ஓபன் வைவாவுல கமிட்டி மெம்பர்கள் வந்து கேக்கலாம், அதுக்காக ஒருத்தர் இல்லேன்னா கோரம் இல்லன்னு அர்த்தம் கிடையாது.

என் கேஸ்ல வராதது எக்ஸ்டர்னல்தான். அவங்க யுனிவர்சிட்டில திடீர்னு ஒரு இன்ஸ்பெக்ஷன், அவர் லீவு எடுக்க முடியாது. நியாயமான காரணம், அவர் மேல கோபப்பட ஒண்ணுமில்ல. ஆனா அவருக்கு மத்தியானம் ரெண்டு மணி நேரம் ஆன்லைன்ல உக்கார முடிஞ்சிருக்கும்னு வைவா அன்னைக்கு அவரே டீ குடிக்கறப்ப சொன்னார். நாங்க யாரும் கேக்கல!

3. அன்னைக்கே ரிப்ளை போடுங்க, நாலு கேள்வியோட

"ஓகே சார்" போதாது. அதே சமயம் மூணு பக்கம் புலம்பவும் வேணாம். எனக்கு ஜூனியரா இருந்த பொண்ணுக்கு இதே மாதிரி மெயில் வந்தப்ப நான் எழுதிக் குடுத்தது இது, இத மாத்தி நீங்க யூஸ் பண்ணிக்கலாம்:

"வணக்கம் மேடம். உங்க மெயில் பாத்தேன், 14ம் தேதி வைவா இல்லன்னு குறிச்சுக்கிட்டேன். என் சைடுல சில விஷயம் பிளான் பண்ண வேண்டியிருக்கறதால இது மட்டும் தெரிஞ்சா உதவியா இருக்கும். 14ம் தேதி வர முடியாதது யாரு மேடம், எக்ஸ்டர்னலா, வேற மெம்பரா? 28ம் தேதிக்கு எக்ஸ்டர்னல் ஒத்துக்கிட்டாங்களா, இல்ல இன்னும் கேக்கணுமா மேடம்? கன்ட்ரோலர் செக்ஷனுக்கு தேதி மாத்தற லெட்டர் போயிடுச்சா, இல்லேன்னா நான் டிராஃப்ட் பண்ணி நாளைக்கு காலைல உங்க கையெழுத்துக்குக் கொண்டு வரட்டுமா? நேர்லதானா, ஆன்லைனுக்கும் வாய்ப்பு இருக்கா? எனக்கு ஏப்ரல் 4ம் தேதி ஒரு வேலைக்கு அப்ளை பண்ண கடைசி நாள், அதுக்குள்ள வைவா முடிஞ்சா நல்லா இருக்கும் மேடம்."

இதுல முக்கியமானது ரெண்டு இடம். ஒண்ணு, "நான் டிராஃப்ட் பண்ணிக் கொண்டு வரட்டுமா". கைடுக்கு வேலைய கொறச்சா வேலை நடக்கும், இது எழுதப்படாத சட்டம். ரெண்டு, உங்களுக்கு ஒரு டெட்லைன் இருந்தா அத தேதியோட சொல்லிடுங்க. நான் சொல்லவே இல்ல, அவருக்கு எப்படித் தெரியும்? "ஏம்பா முன்னாடியே சொல்லல"ன்னு அவர் கேட்டப்ப எனக்கு பதில் இல்ல.

இங்க ஒரு பெரிய பொறி இருக்கு. எக்ஸ்டர்னலோட மெயில் ஐடி உங்ககிட்ட இருக்கும், கான்ஃபரன்ஸ்ல பாத்திருப்பீங்க, "சார் உங்களுக்கு எந்த தேதி வசதி"ன்னு நேரா கேட்டுடலாம்னு கை பரபரக்கும். கேக்காதீங்க, சிசில கூட போடாதீங்க. மதிப்பீடு பண்ற ஆளுகிட்ட மாணவர் தனியா தொடர்பு வச்சுக்கிட்டார்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னா உங்க கைடுக்கும் அசிங்கம், எக்ஸாமினருக்கும் அசிங்கம். தேதி பேசறது கைடோட வேலை. உங்க வேலை கைட ஞாபகப்படுத்தறது மட்டும்தான்.

ரெண்டு நாள் ஆகியும் பதில் வரலேன்னா மெயில்ல திரும்ப கேக்காம நேர்ல போங்க, லெட்டர் டிராஃப்ட பிரிண்ட் எடுத்துக்கிட்டே போங்க.

4. பேப்பர நகத்துங்க

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே பெரிய ஸ்டெப்.

முதல்ல வேண்டியது எக்ஸ்டர்னல் புது தேதிக்கு சம்மதிச்சு கைடுக்கு அனுப்பின மெயிலோட பிரிண்ட். போன்ல "சரி வர்றேன்"னு சொன்னது ஃபைலுக்கு உதவாது. கைடுகிட்ட "சார், அவங்ககிட்ட இருந்து ஒரு வரி மெயில் மட்டும் வாங்கிடுங்க"ன்னு கேட்டுக்கோங்க.

அடுத்தது கைடோட லெட்டர், டிபார்ட்மென்ட் ஹெட் வழியா கன்ட்ரோலருக்கு. அதுல உங்க பேர், ரிஜிஸ்டர் நம்பர், தீசிஸ் தலைப்பு, பழைய வைவா ஆர்டரோட நம்பரும் தேதியும், தள்ளிப்போன காரணம் ஒரு வரி, புது தேதி, நேரம், இடம், நேர்லயா ஆன்லைனா, இவ்ளோதான். பழைய ஆர்டர் நம்பர மறக்காம போடுங்க, "மேற்படி ஆர்டர ரத்து செஞ்சு புது தேதிக்கு ஆர்டர் குடுங்க"ன்னு கேக்கணும். வெறும் "தேதிய மாத்துங்க"ன்னு கேட்டா பழைய ஆர்டர் ஃபைல்ல அப்படியே உக்காந்திருக்கும், பின்னாடி அது எப்படி கடிக்கும்னு சொல்றேன்.

மூணாவது அறிவிப்பு. ஓபன் வைவாங்கறதால சர்குலர் போட்டு இத்தனை நாள் முன்னாடி எல்லாருக்கும் தெரியப்படுத்தணும்னு பல யுனிவர்சிட்டில ரூல் இருக்கு. எங்க இடத்துல அது 15 நாள். இங்கதான் என் 28ம் தேதி செத்துச்சு. கணக்கப் பாருங்க.

மெயில் வந்தது மார்ச் 10. 28க்கு வைவா நடக்கணும்னா 15 நாள் முன்னாடி, அதாவது மார்ச் 13க்குள்ள சர்குலர் வெளிய வந்திருக்கணும். கையில இருந்தது மூணே நாள். கைடு ஆபீஸ்ல வாய்ல சொன்னதோட சரி, லெட்டர் எழுதினது 12ம் தேதி. ஹெட் லீவு, அது அவர் மேஜைலயே 14 வரைக்கும் தூங்கிச்சு. நடுவுல லீவு நாள் வேற. கன்ட்ரோலர் செக்ஷன்ல இருந்து ஆர்டர் வந்து சர்குலர் ஒட்டினது மார்ச் 18. அதுல இருந்து 15 நாள் எண்ணினா ஏப்ரல் 2. அன்னைக்கு ஹால் காலி இல்ல. அதனால 3. நான் 28ன்னு நம்பிக்கிட்டு இருந்த அந்த எட்டு நாளும், 28 அப்படிங்கற தேதி நடக்கவே வாய்ப்பு இல்லாத தேதி. பத்தாம் தேதி ராத்திரியே விரல் விட்டு எண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும்.

அதனால மெயில்ல புது தேதி வந்த உடனே பின்னாடி எண்ணுங்க. வைவா தேதில இருந்து அறிவிப்பு நாள கழிங்க, வர்ற தேதிக்கும் இன்னைக்கும் நடுவுல ரெண்டு கையெழுத்துக்கும் ஒரு ஆர்டருக்கும் இடம் இருக்கானு பாருங்க. இல்லேன்னா கைடுகிட்ட அன்னைக்கே சொல்லி, கொஞ்சம் தள்ளி நிஜமா நடக்கக்கூடிய ஒரு தேதிய எக்ஸ்டர்னல்கிட்ட கேக்கச் சொல்லுங்க. இல்லேன்னா என்ன ஆகும், அவர் 28க்கு டிக்கெட் போடுவார், அப்புறம் அவர்கிட்டயே திரும்ப "சார் 28 இல்ல"ன்னு சொல்லணும். எங்களுக்கு அது நடந்துச்சு, கைடு போன்ல மன்னிப்புக் கேட்டத பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தேன், அந்த நிமிஷம் இருக்கே...

செக்ஷன்ல ஒரு கேள்வி மறக்காம கேளுங்க. ஏற்கனவே ஒரு தடவை அறிவிப்பு போட்டாச்சு, இப்ப தேதி மட்டும்தான் மாறுது, இதுக்கு திருத்த அறிவிப்பு போதுமா இல்ல புது அறிவிப்பா? திருத்தம் போதும்னு சொன்னா பழைய நாள் கணக்கு செல்லும், நீங்க ரெண்டு வாரம் மிச்சப்படுத்தலாம். சில செக்ஷன்ல ஒத்துக்குவாங்க, எங்க இடத்துல ஒத்துக்கல, ஆனா நான் கேட்டதே 17ம் தேதிதான்.

இப்ப அந்த பழைய ஆர்டர் கதை. வைவா அன்னைக்கு கையெழுத்து வாங்கற மினிட்ஸ் ஃபார்ம், எக்ஸாமினர் ரிப்போர்ட் ஃபார்ம், வந்தவங்க கையெழுத்து ஷீட், எல்லாத்துலயும் ஆர்டர் நம்பரும் தேதியும் இருக்கும். எங்க டிபார்ட்மென்ட்ல 14க்கே எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாங்க. மூணாம் தேதி அதையே எடுத்து, மேல இருக்கற வைவா தேதிய மட்டும் திருத்திக் கையெழுத்து வாங்கிட்டோம், உள்ள பழைய ஆர்டர் நம்பர் அப்படியே இருக்கு. ரத்தான ஆர்டர் படி எப்படி வைவா நடந்துச்சுன்னு கேட்டு செக்ஷன்ல ஃபைல திருப்பி அனுப்பிட்டாங்க. திரும்ப மினிட்ஸ் அடிச்சு, எக்ஸ்டர்னலுக்கு கொரியர்ல அனுப்பி, கையெழுத்து வாங்கி வர மூணு வாரம். வைவாவுக்கு முந்தின நாள் ஃபார்ம் எல்லாத்தையும் புதுசா பிரிண்ட் எடுக்கறதுக்கு பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

5. ஆன்லைனா மாத்தறதா இருந்தா

எக்ஸ்டர்னல் ஆன்லைன்ல வர்றேன்னு சொன்னா சந்தோஷம், ஆனா ஆர்டர்ல நேர்லன்னு இருந்தா அப்படியே லிங்க் அனுப்பிடாதீங்க. முறையும் மாறுதுன்னு லெட்டர்ல எழுதி, புது ஆர்டர்ல அந்த வார்த்தை வந்திருக்கானு பாத்துக்கோங்க. அவரோட ரிப்போர்ட் எப்படி வரணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, ஸ்கேன் காப்பி மெயில்ல போதுமா இல்ல ஒரிஜினல் தபால்ல வரணுமா. தபால்ல வரணும்னா ஃபார்ம அவருக்கு வைவாவுக்கு முன்னாடியே டிபார்ட்மென்ட்ல இருந்து அனுப்பி வைக்கச் சொல்லுங்க. லிங்க் யுனிவர்சிட்டி அக்கவுன்ட்ல இருந்து போகட்டும், உங்க சொந்த ஐடில இருந்து வேணாம், பாதியில நேரம் முடிஞ்சு கட் ஆச்சுன்னா அந்தப் பழி உங்க மேலதான் வரும்.

6. இந்த தேதிய நம்பி நிக்கற மத்த தேதிகள்

ஒரு பேப்பர் எடுத்து, வைவா முடிஞ்சிருக்கும்னு நம்பி நீங்க என்னென்ன பிளான் பண்ணீங்கன்னு எழுதுங்க. வேலைக்கான கடைசி நாள், போஸ்ட்டாக் சேர்ற நாள், ஹாஸ்டல் காலி பண்ற நாள், வெளிநாடு போறதா இருந்தா விசா.

இதுல வேலைக்கான கடைசி நாள்தான் ஆபத்தானது. பல விளம்பரத்துல "விண்ணப்பிக்க கடைசி நாளன்று தகுதி இருக்கணும்"னு இருக்கும். உங்க தகுதி எந்த தேதில இருந்து கணக்காகும்னு தெரிஞ்சுக்கோங்க, சில யுனிவர்சிட்டில வைவா நடந்த தேதி பிராவிஷனல்ல வரும், சில இடத்துல ரிசல்ட் அறிவிச்ச தேதி வரும். ரெண்டாவது வகைன்னா வைவா கடைசி நாளுக்கு முந்தின நாள் முடிஞ்சாலும் பிரயோஜனம் இல்ல. எனக்கு வைவா 3, கடைசி நாள் 4. பிராவிஷனல் கிடைக்க வழியே இல்ல. வைவா முடிஞ்ச அன்னைக்கே "இன்னாருக்கு இன்ன தேதில வைவா நடந்து முடிந்தது, பட்டத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டார்"னு கைடும் ஹெட்டும் கையெழுத்துப் போட்ட லெட்டர் வாங்கி அப்லோட் பண்ணேன், பிராவிஷனல இன்டர்வியூல காட்டணும்னு சொல்லி ஏத்துக்கிட்டாங்க. எல்லா இடத்துலயும் ஏத்துக்குவாங்கன்னு சொல்ல மாட்டேன், அதனால விளம்பரத்துல இருக்கற ஐடிக்கு முன்னாடியே எழுதிக் கேட்டு அந்தப் பதில பத்திரமா வச்சுக்கோங்க. இந்த லெட்டரோட டிராஃப்டையும் வைவா அன்னைக்கு காலைலயே பிரிண்ட் எடுத்து வச்சுக்கணும், சாயங்காலம் எல்லாரும் கிளம்பிடுவாங்க.

ஃபெலோஷிப் விஷயத்துல, பெரும்பாலும் தீசிஸ் குடுத்ததோட காசு நின்னிருக்கும், அதனால வைவா தள்ளிப்போனா ஃபெலோஷிப் குறையாது, ஆனா சம்பளம் இல்லாத வாரம் கூடும். அத முன்னாடியே கணக்குல எடுத்துக்கோங்க.

7. செலவு யாரோடது

எக்ஸ்டர்னலோட பயணச் செலவு யுனிவர்சிட்டியோடது. அவர் டிக்கெட் கேன்சல் பண்ணினதுல போன காசும் பெரும்பாலும் அப்படித்தான், ஆனா கேன்சல் ரசீதோட, வைவா தள்ளி வைக்கப்பட்டதுக்கான லெட்டரும் பில்லுல இணைச்சாதான் ஆடிட்ல போகும். அதுக்காகவும்தான் எழுத்துல ஆர்டர் வேணும்னு சொல்றேன். "நீயே டிக்கெட் போட்டுடு, அப்புறம் பாத்துக்கலாம்"னு யாராவது சொன்னா, ஆபீஸ் அட்வான்ஸ் வாங்க ஃபார்ம் இருக்கானு மரியாதையா கேளுங்க. அப்புறம் பாத்துக்கலாம்ங்கற பணத்த நான் இன்னும் பாக்கல.

ஹால் புக்கிங்க பழைய தேதில இருந்து எடுத்துட்டு புது தேதில போடறது உங்க வேலைதான், யாரும் ஞாபகம் வச்சுக்க மாட்டாங்க. நீங்க தனியா கூப்பிட்டவங்களுக்கு, ஆர்டர் கையில வந்தப்புறம் ஒரே ஒரு தடவை சொல்லுங்க. நான் 14, 28, 3ன்னு மூணு தேதி சொல்லி, ஒரு ஃபிரண்ட் 28ம் தேதி வந்து பூட்டின ஹால் முன்னாடி நின்னான்.

8. நடுவுல கெடைச்ச நாள்ல ஸ்லைட நோண்டாதீங்க

ரெண்டு வாரம் கூட கெடைச்சா ஸ்லைட முழுசா மாத்தத் தோணும். மாத்தாதீங்க, பழைய ஓட்டம் மறந்து புதுசும் பழகாம ரெண்டுங்கெட்டானா நிப்பீங்க. அதுக்கு பதிலா எக்ஸாமினர் ரிப்போர்ட்ல இருக்கற கேள்விங்கள எடுத்து ஒவ்வொண்ணுக்கும் தீசிஸ்ல எந்தப் பக்கத்துல பதில் இருக்குன்னு பக்க எண்ணோட எழுதுங்க. வராத எக்ஸ்டர்னலுக்கு பதிலா இன்னொரு எக்ஸ்டர்னல் வர்றார்னா இது ரொம்ப முக்கியம், அவரோட ரிப்போர்ட்ட நீங்க மேலோட்டமாதான் படிச்சிருப்பீங்க, ஏன்னா வரப்போறது அவர் இல்லன்னு நெனச்சிருப்பீங்க.

அப்புறம் முதல் ஸ்லைடுல இருக்கற தேதிய மாத்துங்க. நான் மார்ச் 14ன்னு போட்ட ஸ்லைடோட ஏப்ரல் 3ம் தேதி நின்னேன், எக்ஸ்டர்னல் அத பாத்து சிரிச்சுட்டு "என்னாலதான்பா"ன்னார்.

9. ரெண்டாவது தடவையும் அதே மெயில் வந்தா

இப்ப மட்டும் மறுபடி தேதி கேக்காதீங்க, வழிய மாத்தக் கேளுங்க. கைடுகிட்ட நேர்ல போய், ஆர்டினன்ஸ்ல வைவா போர்டு பத்தின பக்கத்த கையில வச்சுக்கிட்டு, "சார், இவங்களுக்கு மறுபடி கஷ்டம்னா ஆன்லைனா வச்சுக்கலாமா, இல்ல ரிப்போர்ட் குடுத்த இன்னொருத்தர கூப்பிட கன்ட்ரோலருக்கு எழுதலாமா"ன்னு கேளுங்க. யுஜிசி ரெகுலேஷன்ஸ்ல தீசிஸ் சப்மிட் பண்ணின தேதில இருந்து ஆறு மாசத்துக்குள்ள வைவா ரிசல்ட் அறிவிக்கறது வரைக்கும் எல்லாத்தையும் முடிக்கற மாதிரி யுனிவர்சிட்டி ஏற்பாடு பண்ணணும்னு இருக்கு. உங்க சப்மிஷன் தேதில இருந்து எண்ணிப் பாருங்க. ஆறு மாசம் நெருங்குச்சுன்னா அந்த ஒரு வரிய கைடோட லெட்டர்ல சேக்கச் சொல்லுங்க, கம்ப்ளெயின்ட் மாதிரி இல்லாம "சப்மிட் பண்ணிய தேதி இது, ஆறு மாதம் இந்தத் தேதியில் முடிகிறது, எனவே"ன்னு ஆரம்பிச்சா போதும். அந்த லெட்டர கைடு வழியாதான் அனுப்பணும், அவர தாண்டி நேரா கன்ட்ரோலருக்குப் போகாதீங்க. லெட்டரோட ஒரு காப்பில செக்ஷன் சீல் போட்டு தேதியோட வாங்கி வச்சுக்கோங்க.